சாயமேற்றிய சூரிய மின்கலம்: புதுச்சேரி மாணவி ஒருவரின் 12 நிமிட உரை எப்படித் திருந்தியது

புதுச்சேரிக் கல்லூரி ஒன்றின் வேதியியல் துறை. இறுதியாண்டு மாணவி ஒருவர் சாயமேற்றிய சூரிய மின்கலம் பற்றிய ஆராய்ச்சிகளைத் தொகுத்து 12 நிமிடம் பேச வேண்டும். அதன்பின் கேள்விக்கு 3 நிமிடம். எதிரே மின்வேதியியல் தெரிந்த வெளித்தேர்வாளர், துறை ஆசிரியர்கள், வணிகவியல் துறையிலிருந்தும் தமிழ்த் துறையிலிருந்தும் வந்தவர்கள், முதலாண்டு மாணவர்கள், சில பெற்றோர். இது ஒரு மாதிரி நேர்வு. கீழே வரும் செல் அளவீடுகள் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. ஆனால் கல்லூரி ஆய்வகத்தில் கையால் செய்யும் செல்களில் இப்படிப்பட்ட எண்கள்தான் வழக்கமாகக் கிடைக்கும்.

உரைக்காக அவர் எழுதிய முதல் எழுத்துருவில் 19 ஸ்லைடுகள் இருந்தன. சத்தமாக வாசித்துப் பார்த்தபோது 21 நிமிடம் ஆனது. உலக எரிசக்தித் தேவை, நிலக்கரி, புவி வெப்பம், சூரிய மின்கலங்களின் மூன்று தலைமுறைகள் என்று போய், மின்கலம் திரைக்கு வரவே எட்டு நிமிடம் பிடித்தது. பிறகு ஒரே ஸ்லைடில் ஒன்பது சாய மூலக்கூறுகளின் அமைப்புப் படங்கள். "ஒளி உட்கவரப்பட்டு எலெக்ட்ரான் உட்செலுத்தப்படுகிறது" போன்ற வாக்கியங்கள் எழுத்தில் சரியாகத்தான் இருந்தன, வாயில்தான் நுழையவில்லை. பேசும்போது அந்த இடங்களில் நாக்கு தடுக்கியது, கண் தானாகத் தாளுக்குப் போனது.

ஆகவே திருத்தத்தின் முதல் வேலை, பேச்சுத் தமிழில் எழுதுவது. தமிழில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள் ஓடும். 12 நிமிடம் என்றால் சுமார் 1,100 சொற்கள். ஸ்லைடு மாற்றவும் சுட்டிக்காட்டவும் ஒரு நிமிடம் போகும் என்பதால் 1,000 சொற்களில் நிறுத்திக்கொள்வது பாதுகாப்பு. ஸ்லைடுகள் ஏழாகக் குறைந்தன.

இரண்டாவது வேலை கடினமானது. வேதியியல் தெரியாத அம்மாவுக்கும் வெளித்தேர்வாளருக்கும் ஒரே பேச்சில் எதைக் கொடுப்பது? இரண்டு பேச்சுகளைக் கலந்து, ஒரு பத்தி இவருக்கு, ஒரு பத்தி அவருக்கு என்று போனால் இருவருமே பாதி நேரம் வெளியே நிற்பார்கள். ஒரு எலெக்ட்ரான் புறப்பட்டு, சுற்றிவந்து, மறுபடி புறப்பட்ட இடத்துக்கே சேரும் பயணம்தான் உரையின் நூலாக எடுத்துக்கொள்ளப்பட்டது. சாயத்தின் வேலை, மின்னழுத்தம் எங்கிருந்து வருகிறது, இழப்பு எங்கே ஏற்படுகிறது, ஆராய்ச்சியாளர்கள் 30 ஆண்டுகளாக எதைச் சரிசெய்து வருகிறார்கள், எல்லாமே அந்த ஒரே பாதையில் வந்துவிடும்.

தொடக்கம்

புதிய எழுத்துரு இப்படித் தொடங்குகிறது:

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம புதுச்சேரியிலேர்ந்து 19-ஆம் நூற்றாண்டுல ஒரு துணி கப்பல் ஏறிப் போச்சு. அவுரி நீலம் தோய்ச்ச பருத்தித் துணி. பிரெஞ்சு வியாபாரிங்க வழியா அது ஆப்பிரிக்காவுல செனகல் வரைக்கும் போச்சு. அந்தத் துணிக்கு மதிப்பு அதோட சாயத்துல இருந்துச்சு. நான் இன்னைக்குக் காட்டப்போறதும் சாயம் தோய்ச்ச ஒரு பொருள்தான். துணிக்குப் பதிலா கண்ணாடி மேல வெள்ளைப் படலம். சாயம் இல்லாட்டி இந்தப் படலம் வெயில்ல இருந்து ஏறக்குறைய எதையும் எடுத்துக்காது. சாயம் ஏறினா மின்சாரம் தரும்."

இந்த இடத்தில் மாணவி மேசை விளக்கைப் போட்டு, மல்டிமீட்டர் இணைத்த செல்லை அதன் கீழே வைக்கிறார். திரையில் 0.4 வோல்ட்டை ஒட்டி ஒரு எண் தெரிகிறது. கையால் மறைத்தால் எண் இறங்குகிறது. சாயம் ஏறாத வெறும் செல்லையும் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். அதே விளக்கின் கீழ் அது ஏறக்குறைய ஒன்றும் காட்டாது. அந்த வெள்ளைப் படலமான டைட்டானியம் டை ஆக்சைடு சுமார் 388 நானோமீட்டருக்குக் குறைவான புறஊதா ஒளியை மட்டுமே உறிஞ்சும், எல்.இ.டி. விளக்கில் அது கிட்டத்தட்டக் கிடையாது. வெள்ளைச் செல், சிவப்புச் செல் இரண்டையும் பக்கம் பக்கமாகப் பார்த்தவருக்குச் சாயத்தின் வேலையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

செய்முறையில் ஒரு பொறி உண்டு. ஒளி குறைந்தாலும் மின்னழுத்தம் கொஞ்சம்தான் குறையும், மின்னோட்டம்தான் ஒளிக்கு ஏற்ப விழும். அதனால் மேசை விளக்கின் கீழும் 0.4 வோல்ட் வந்து, பெரிய சக்தி கிடைப்பது போன்ற தோற்றம் உண்டாகும். "இது அழுத்தம் மட்டும்தான். இந்த வெளிச்சத்துல ஓடுற மின்னோட்டம் ரொம்பக் குறைவு" என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். ஒற்றைச் செல்லில் எல்.இ.டி. எரிய வைக்கவும் முயலக் கூடாது. சிவப்பு எல்.இ.டி.க்கே ஏறத்தாழ 1.8 வோல்ட் வேண்டும். அந்த இடத்தில் விளக்கு எரியாமல் போனால் மீதிப் பேச்சு முழுக்க அவையின் கவனம் அதிலேயே நிற்கும்.

அவுரி உவமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது, தேர்வாளர் அதைப் பிடிப்பார். அவுரி நீலம் நூலிழையோடு வேதிப் பிணைப்பு கொள்வதில்லை. கரையும் வடிவத்தில் இழைக்குள் புகுந்து, காற்றுப் பட்டதும் கரையாத நீலமாகி உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. மின்கலச் சாயமோ படலத்தின் மேற்பரப்போடு பிணைந்தே ஆக வேண்டும், ஏனென்றால் எலெக்ட்ரான் அந்தப் பிணைப்பின் வழியாகத்தான் தாவுகிறது. ருத்தீனியம் சாயமான என்719 தன் கார்பாக்சில் தொகுதிகளால் ஒட்டுகிறது. செம்பருத்திச் சாயத்தில் உள்ள ஆந்தோசயனின், பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஹைட்ராக்சில் தொகுதிகளால் பிடித்துக்கொள்கிறது. எழுத்துருவில் இதற்கு ஒரே வரி: "துணியில சாயம் சிக்கிக்கிட்டா போதும், இங்க கையைப் பிடிச்சுக்கணும்." சோதனையும் எளிது. சாயத்திலிருந்து எடுத்த படலத்தை எத்தனாலில் அலசினால் மேலோட்டமாகப் படிந்தது போய்விடும், பிணைந்தது நிற்கும். அலசலில் நிறம் முழுக்கக் கழன்றால் அந்தச் செல்லை மூடுவதற்கே அர்த்தமில்லை.

தொட்டியும் கிணறும்

முதல் எழுத்துருவில் ஆற்றல் மட்டப் படம் இருந்தது: கடத்துப் பட்டை, சாயத்தின் இரு மட்டங்கள், அயோடைடு மட்டம், அம்புக்குறிகள் ஆறு. அது தெரிந்தவருக்கு மட்டும் பேசும் படம். அதைத் தூக்கி எறியவில்லை. அதே உயரங்களை வீட்டு மேல்தொட்டியாக முதலில் சொல்லிவிட்டு, அடுத்த ஸ்லைடில் அதே வடிவத்தில் ஆற்றல் மட்டப் படம் வைக்கப்பட்டது.

"நம்ம வீட்டுல கிணறு கீழ இருக்கு, தொட்டி மாடியில இருக்கு. மோட்டார் தண்ணிய மேல ஏத்துது. தொட்டியிலேர்ந்து குழாய் வழியா இறங்குற தண்ணி போற வழியில ஒரு சக்கரத்தைச் சுத்திட்டு, மறுபடி அதே கிணத்துல விழுதுன்னு வெச்சுக்குங்க. தண்ணி தீர்றதே இல்ல, சுத்திக்கிட்டே இருக்கு. இந்த மின்கலத்துல தண்ணி எலெக்ட்ரான். மோட்டார் சாயம், அது வெளிச்சத்துல ஓடுது. தொட்டி இந்த வெள்ளைப் படலம். சக்கரம் நாம மாட்டுற விளக்கோ கால்குலேட்டரோ. கிணறு ரெண்டு கண்ணாடிக்கும் நடுவுல இருக்கிற மஞ்சள் கரைசல். தொட்டி நீர்மட்டத்துக்கும் கிணத்து நீர்மட்டத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் மின்னழுத்தம். ஒரு வினாடிக்கு எவ்வளவு தண்ணி இறங்குதோ அது மின்னோட்டம்."

இந்த உவமையைத் தேர்ந்ததற்குக் காரணம், இழப்பையும் இதே படத்தில் சொல்ல முடிவதுதான். "தொட்டியில விரிசல் இருந்தா தண்ணி குழாய்க்குப் போகாம நேரா கிணத்துல சொட்டும். தொட்டி மட்டமும் இறங்கிடும். அதனால விரிசல் மின்னோட்டத்தை மட்டும் இல்ல, மின்னழுத்தத்தையும் குறைக்குது." செல்லிலும் நடப்பது இதுவேதான். படலத்துக்குள் சேர்ந்த எலெக்ட்ரான்கள் வெளிச்சுற்றுக்குப் போகாமல், பக்கத்தில் மஞ்சள் கரைசலில் உள்ள டிரை அயோடைடுக்குத் தாவிவிடுகின்றன. உள்ளே வருவதும் கசிவதும் எந்த மட்டத்தில் சமனாகின்றனவோ, சுற்று திறந்திருக்கும்போது அந்த மட்டமே மின்னழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. தேர்வாளர் இந்த வரியைக் கேட்டதும், எலெக்ட்ரான்கள் எந்த ஆற்றல் உயரம் வரை நிரம்பியிருக்கின்றன என்பதைக் குறிக்கும் ஃபெர்மி மட்டத்தை மாணவி புரிந்துதான் பேசுகிறார் என்று தெரிந்துகொள்வார். அந்தச் சொல்லையே உரையில் உச்சரிக்க வேண்டிய அவசியம் இல்லை.

வேகத்தைச் சொல்லும் இடத்தில் முதல் எழுத்துரு வழுக்கியது. சாயம் எலெக்ட்ரானைக் கொடுக்கப் பிக்கோ வினாடி அளவு, கசிவுக்கு மில்லி வினாடி அளவு, ஆகவே கசிவு பொருட்டே இல்லை என்று எழுதியிருந்தது. முதல் பாதி சரி, அழகாகவும் சொல்லலாம்: கொடுப்பதற்கு ஒரு வினாடி என்று பெருக்கிப் பார்த்தால் கசிவதற்கு ஏறத்தாழ 31 ஆண்டுகள். ஆனால் முடிவு தவறு. கொடுத்த எலெக்ட்ரான் பத்து மைக்ரோமீட்டர் தடிமனான படலத்தைத் துகள் துகளாகத் தாண்டிக் கண்ணாடிக்குப் போய்ச்சேரவும் மில்லி வினாடிகள் ஆகின்றன. உண்மையான போட்டி போய்ச்சேருவதற்கும் கசிவதற்கும் நடுவில்தான். படலம் தடித்தால் சாயம் கூடும், ஆனால் பாதை நீண்டு கசிவும் கூடும். 20 நானோமீட்டர் துகள்களாலான படலத்தைப் பொதுவாக 10 முதல் 12 மைக்ரோமீட்டரில் நிறுத்துவதற்கு இதுதான் காரணம். திருத்திய எழுத்துருவில் 31 ஆண்டு நிற்கிறது, அதற்கு அடுத்த வாக்கியமாகவே இந்தப் போட்டியும் வருகிறது.

14 மடங்கு எங்கே போயிற்று

உரையின் நடுப்பகுதி ஒரே அட்டவணை. இரண்டு செல்களுக்கும் ஒரே படலம், ஒரே கரைசல், எதிர்ப்பக்கத்தில் ஒரே பிளாட்டினம் மின்வாய். சாயம் மட்டும் வேறு. ஒன்று செம்பருத்தி, மற்றது என்719.

செம்பருத்திச் செல்: 0.46 வோல்ட், சதுர சென்டிமீட்டருக்கு 1.5 மில்லி ஆம்பியர், இவ்விரண்டின் பெருக்கத்தில் உண்மையில் எடுக்க முடிந்த பங்கான நிரப்புக் காரணி 0.52. என்719 செல்: 0.70 வோல்ட், 12 மில்லி ஆம்பியர், 0.62. நிர்ணயிக்கப்பட்ட சூரிய ஒளி சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லி வாட் என்பதால் மூன்றையும் பெருக்கினால் வருவதே சதவீதம். முதல் செல் 0.36, இரண்டாவது 5.2.

முதல் எழுத்துரு இதைச் சொல்லிவிட்டு, இயற்கைச் சாயம் மலிவானது, எதிர்காலத்தில் மேம்படும் என்று தாண்டிப் போனது. அங்கே நின்று பேசியிருக்க வேண்டும். 5.2-ஐ 0.36-ஆல் வகுத்தால் 14-க்குச் சற்று மேல். அந்த வித்தியாசத்தைப் பிரித்துப் பார்த்தால் மின்னோட்டத்தில் 8 மடங்கு, மின்னழுத்தத்தில் 1.5 மடங்கு, நிரப்புக் காரணியில் 1.2 மடங்கு. எழுத்துரு இப்படி:

"பூச்சாயம் தோத்தது எங்கன்னு பாருங்க. தொட்டி உயரம் ஒன்றரை மடங்குதான் வித்தியாசம். தண்ணியோட அளவு எட்டு மடங்கு. அதாவது இந்த மோட்டார் உயரம் ஏத்தத் தெரியாம தோக்கல, தண்ணி எடுக்கறதுலதான் தோத்துடுச்சு."

ஏன் என்பதற்கு இரண்டு காரணங்கள் போதும். ஆந்தோசயனின் பச்சை ஒளியைச் சுற்றியுள்ள சிறு பட்டையை மட்டும் உறிஞ்சுகிறது. என்719 புறஊதா ஓரத்திலிருந்து 700 நானோமீட்டரைத் தாண்டி வரை எடுத்துக்கொள்கிறது. அடுத்தது, பூச்சாற்றில் சாயம் மட்டும் இருப்பதில்லை. சர்க்கரை, பிசின், பிற அமிலங்கள் எல்லாம் வந்து படலத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மாணவி ஸ்லைடில் இரண்டு உறிஞ்சல் வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கிறார். முதலாண்டு மாணவருக்கும் பரப்பு வித்தியாசம் கண்ணில் படும்.

செய்முறையில் தவறு எங்கே நேரும் என்பதும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் பேசத் தக்கது, ஏனென்றால் மாணவியின் எண்களை நம்பலாமா என்பது அதில்தான் இருக்கிறது. டைட்டானியம் பசையை மின்கடத்தும் எஃப்.டி.ஓ. கண்ணாடியில் பூசி 450 முதல் 500 டிகிரி செல்சியசில் அரை மணி நேரம் சுட வேண்டும். வெப்பத்தை மெதுவாக ஏற்றாவிட்டால் பசையில் உள்ள கரிமப் பொருள் முழுக்க எரிவதற்குள் படலம் வெடித்து உரியும். சுட்டது ஆறி 80 டிகிரிக்கு வரும்போது, சூடு இருக்கையிலேயே சாயத்தில் அமிழ்த்த வேண்டும். முழுக்க ஆறவிட்டால் நுண்துளைகள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடலை ஒட்டிய ஊரில், அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில், இது சின்ன விஷயமில்லை. ஈரம் ஏறிய படலத்தில் சாயம் திட்டுத் திட்டாக ஏறும், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாலே தெரியும்.

என்719-க்கு 0.3 மில்லி மோலார் எத்தனால் கரைசல், 16 முதல் 24 மணி நேரம், இருட்டில். 20 மில்லி லிட்டருக்கு 7 மில்லிகிராம் சாயம் போதும். எத்தனால் உலர்ந்ததாக இருக்க வேண்டும், நீர் கலந்தால் பிடித்த சாயமும் கழலும். செம்பருத்திக்குச் சாற்றை அமிலத்தன்மையில், பி.எச். 3-க்குக் கீழே வைக்க வேண்டும். கரைசல் நல்ல சிவப்பாக இருந்தால் சரி. ஊதாவுக்கோ நீலத்துக்கோ மாறிக்கொண்டிருந்தால் அமிலம் போதவில்லை, சாயமும் சிதையத் தொடங்கிவிட்டது.

முகமூடி

அதே என்719 செல்லுக்கு முதல் எழுத்துருவில் 6.4 சதவீதம் என்று இருந்தது. மின்னோட்டம் 14.8 மில்லி ஆம்பியர் என்று பதிவாகியிருந்தது. ஒரு பெரிய ஆராய்ச்சிக் கட்டுரை சொல்லும் எண்ணுக்குப் பக்கத்தில் தன் எண் வந்ததில் மாணவிக்கு மகிழ்ச்சி. செல்லின் பரப்பு கால் சதுர சென்டிமீட்டர். ஆனால் கண்ணாடி அதைவிடப் பல மடங்கு பெரியது. கண்ணாடியின் ஓரத்தில் விழுந்த ஒளி உள்ளே எதிரொளித்து, வளைந்து, படலத்துக்கு வந்து சேர்கிறது. வரும் ஒளி கால் சதுர சென்டிமீட்டருக்குரியது அல்ல, வகுப்பது மட்டும் கால் சதுர சென்டிமீட்டரால். செல் சிறியதாக ஆக ஆக இந்தப் பொய் பெரிதாகும்.

கறுப்பு நாடாவிலோ கறுப்புத் தகட்டிலோ துளை வெட்டி மேலே ஒட்டி அளந்தபோது 12 மில்லி ஆம்பியர், 5.2 சதவீதம். பரப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டியது முகமூடித் துளையின் பரப்பையே. அந்தத் துளையை வெர்னியரில் அளந்து எழுதிவைக்க வேண்டும்.

தேர்வாளர் கேட்கும் முன் மாணவியே இதைச் சொல்லிவிடுவது நல்லது. எழுத்துருவில் ஒரு வாக்கியம் சேர்ந்தது: "முகமூடி இல்லாம அளந்தப்ப 6.4 வந்துச்சு. ஓரத்து வெளிச்சத்தை மறைச்சப்ப 5.2. ரெண்டாவது எண்ணைத்தான் நான் நம்புறேன்." வேதியியல் தெரியாதவருக்கும் இது புரியும். கல்லூரித் திட்டங்களில் வரும் மிகை எண்களில் பெரும்பங்கு இந்த ஒரு துளையில்தான் அடங்கியிருக்கிறது என்பது எங்கள் கருத்து.

ஆராய்ச்சி வரலாறு, மூன்று படி மட்டும்

பழைய எழுத்துருவில் 14 கட்டுரைகள் ஆண்டு வரிசையில் இருந்தன. அவற்றில் மூன்று மட்டும் நின்றன. ஒவ்வொன்றும் தொட்டிப் படத்தில் ஓர் இடத்தைச் சரிசெய்ததால்தான் அவை நின்றன.

"1991-ல சுவிட்சர்லாந்து லோசான்ல பிரையன் ஓ'ரீகனும் மிகேல் கிராட்செலும் 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. வழுவழுப்பான பரப்புல சாயம் ஏத்தினா ஒரே அடுக்குதான் ஒட்டும், வெளிச்சம் ஊடுருவிப் போயிடும். இவங்க பஞ்சு மாதிரி நுண்துளைப் படலம் போட்டாங்க. சாயம் பிடிக்கிற பரப்பு பல நூறு மடங்கு ஆச்சு. மோட்டார் எண்ணிக்கை கூடிடுச்சு. ஏழு சதவீதத்தைத் தாண்டினாங்க.

அடுத்தது 2011. அயோடைடு கிணறு தேவைக்கு மேல உயரத்துல இருக்கு, அதனால உயர வித்தியாசம் வீணாகுதுன்னு தெரிஞ்சுது. அதை எடுத்துட்டு கோபால்ட் கரைசல் வெச்சாங்க. கிணத்து மட்டம் கீழ போச்சு, மின்னழுத்தம் 0.9 வோல்ட்டைத் தாண்டிச்சு, 12.3 சதவீதம் வந்துச்சு. ஆனா கோபால்ட் கரைசலுக்குக் கசிவு சீக்கிரம் நடக்கும். அதனால சாயத்துலயே நீளமான வால் வெச்சு, கரைசல் தொட்டியைத் தொடாம தடுத்தாங்க.

மூணாவது, 2022 கடைசியில வெளியானது. ரெண்டு சாயங்களைச் சேர்த்து ஏத்தினாங்க. ஏத்தறதுக்கு முன்னாடி ஹைட்ராக்சாமிக் அமில வகை ஒண்ணைப் படலத்துல பூசி, சாயம் நெருக்கமா ஒழுங்கா உட்கார வெச்சாங்க, விரிசல் குறைஞ்சுது. 15.2 சதவீதம்."

மோட்டார், கிணறு, விரிசல். மூன்று ஆய்வுகளும் ஏற்கெனவே அறிமுகமான படத்துக்குள்ளேயே நடப்பதால், அவை புதிய சொற்களைச் சுமக்க வேண்டியிருக்காது.

சதவீதம் ஏமாற்றும் இடம்

முதல் எழுத்துருவின் கடைசி ஸ்லைடில், சூரிய ஒளியில் 15 சதவீதம், அறை வெளிச்சத்தில் 28 சதவீதத்துக்கு மேல் என்று இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் வெளியான ஆய்வுகளின் உண்மையான எண்கள்தான். ஆனால் கேட்பவர் வீட்டுக்குப் போய் "அறைக்குள்ள வெச்சா ரெண்டு மடங்கு கரண்ட் வருமாம்" என்று சொல்வார். அவர் மேல் குற்றமில்லை, அடுக்கி வைத்த விதம் அப்படிச் சொல்ல வைக்கிறது.

2017-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 1,000 லக்ஸ் அறை ஒளியில் 28.9 சதவீதம் கிடைத்தது. அதே செல் சதுர சென்டிமீட்டருக்குத் தந்தது 88.5 மைக்ரோ வாட், அதாவது 0.09 மில்லி வாட்டுக்கும் குறைவு. 15.2 சதவீதச் செல் முழுச் சூரிய ஒளியில் தருவது 15.2 மில்லி வாட். சதவீதம் பாதிதான், சக்தி 170 மடங்கு அதிகம். வகுப்பறை வெளிச்சம் பொதுவாக 1,000 லக்ஸை எட்டுவதும் இல்லை.

"ஏன் அறையில சதவீதம் கூடுது? வெயில்ல ஏறக்குறைய பாதி நம்ம கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. சாயத்தால அதை எடுக்க முடியாது, ஆனா கணக்குல அதுவும் சேரும். எல்.இ.டி. விளக்குல கண்ணுக்குத் தெரியற வெளிச்சம் மட்டும்தான், சாயத்துக்கு அது அளவெடுத்துத் தெச்ச சட்டை. அதனால சதவீதம் ஏறுது. ஆனா மொத்த வெளிச்சமே சொற்பம். பத்து சதுர சென்டிமீட்டர் தகடு, அதாவது ரெண்டு தபால் தலை அளவு, நல்ல வெளிச்சமான அறையில ஒரு மில்லி வாட்டுக்குப் பக்கத்துல தரும். ஃபேன் ஓடாது. வெப்பநிலை அளந்து அனுப்புற சின்ன சென்சார் ஓடும்."

"ஃபேன் ஓடாது" என்ற இரண்டு சொற்கள் ஒத்திகையில் நீக்கப்பட்டு, பிறகு திரும்பச் சேர்க்கப்பட்டன. இந்த உரையில் பெற்றோர் வரிசைக்கு அதிகம் பயன்படும் வாக்கியம் அதுதான்.

கேள்விகள்

மூன்று நிமிடத்தில் மூன்று கேள்விகள்தான் வரும். எந்த மூன்று என்பதையும் ஓரளவு ஊகிக்கலாம்.

"எங்க வீட்டு மாடியில போடலாமா?" என்று பெற்றோர் ஒருவர் கேட்பார். மாடியில் இடம் இருந்தால் சிலிக்கான் தகடுதான் சரி, கடையில் கிடைக்கும் சிலிக்கான் தகடு 20 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று நேராகச் சொல்லிவிடலாம். சாயக் கண்ணாடிக்கு இடம் சுவர், சன்னல். லோசானில் உள்ள சுவிஸ் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழக வளாகத்தின் மாநாட்டு அரங்கில் சுமார் 300 சதுர மீட்டர் முகப்பு வண்ணச் சாயக் கண்ணாடியாகவே நிற்கிறது. ஒளி ஊடுருவும், நிறமும் இருக்கும், மின்சாரமும் வரும்.

தேர்வாளரின் கேள்வி பெரும்பாலும் நிரப்புக் காரணி பற்றி: "0.52 ஏன் இவ்வளவு குறைவு?" இதற்குத் தொட்டிப் படத்தை இழுக்கக் கூடாது, அவர் மின்வேதியியல் மொழியில் கேட்கிறார். கண்ணாடியின் மின்தடை, எதிர்ப்பக்க மின்வாயில் வினையூக்கி போதாமை, விளிம்புக் கசிவு என்ற மூன்றில் எது என்பதை மின்னோட்ட-மின்னழுத்த வளைவின் வடிவத்திலிருந்து சொல்ல வேண்டும். மின்னழுத்த முனையில் கோடு செங்குத்தாக இறங்காமல் சாய்ந்தால் தொடர் மின்தடை. மின்னோட்ட முனையிலேயே சாய்ந்தால் உள்கசிவு. மாணவியின் செம்பருத்திச் செல்லில் இரண்டாவதுதான் தெரிந்தது. என்719 செல்லுக்கும் அதே கண்ணாடி, அதே பிளாட்டினம், அதே இடைவெளிப் படலம் என்பதால், கூடுதல் கசிவுக்குக் காரணம் சாயம் முழுக்க மூடாத படலப் பரப்பு என்று அவர் வாதிடலாம். குறைந்த மின்னழுத்தமும் அந்த வாதத்துக்குத் துணை நிற்கும்.

மூன்றாவது கேள்வியை முதலாண்டு மாணவர் கேட்பார்: "எத்தனை நாள் வரும்?" சரியாக மூடிய ருத்தீனியம் செல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். கல்லூரியில் கிளிப் போட்டுப் பிடித்த செல் சில நாட்களிலேயே செத்துப்போகும். கரைப்பானான அசிட்டோநைட்ரைல் 82 டிகிரியில் கொதிக்கும் பொருள், சிறு இடுக்கு கிடைத்தாலும் ஆவியாகிவிடும். எது செத்தது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம் என்பதால், மாணவி பத்து நாள் பழைய செல் ஒன்றை மேசையில் வைத்திருக்கிறார். அதைத் தூக்கிக் காட்டிச் சொல்ல வேண்டிய பதில் எழுத்துருவின் கடைசி வரிகளாக இருக்கிறது:

"இதுல படலம் இன்னும் சிவப்பாத்தான் இருக்கு, ஆனா சுத்தியிருந்த மஞ்சள் போயிடுச்சு. அப்படின்னா சாயம் சாகல, கரைசல் காஞ்சிடுச்சு. ரெண்டு சொட்டு ஊத்தினா மறுபடி மீட்டர் ஏறும். மஞ்சள் இருந்து சிவப்பு வெளுத்திருந்தா கதை வேற. அப்ப சாயம் போயிடுச்சு, ஊத்திப் பிரயோஜனம் இல்ல."

அதைச் சொல்லிக்கொண்டே துளிக்குப்பியை எடுத்து ஓரத்தில் இரண்டு சொட்டு விடுகிறார். மல்டிமீட்டர் அப்போதும் இணைப்பில்தான் இருக்கிறது.